டாஷ்போர்டில் இரண்டு முட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லாரியின் எஞ்சின் இறுகிப்போன அன்று மழை. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்து மழையிடம் காரணம் கேட்க முடியாது, பெய்தால் பெய்துகொண்டேதான் இருக்கும். அப்பா ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். தொழிற்சாலைக்குப் போகிற கடைசி ஏற்றத்தில், பாதி வழியில், எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. முன்னால் எஞ்சினைச் சுற்றுகிற கைப்பிடியைச் செருகி இரண்டு பேர் தொங்கியும் பார்த்தார்களாம். அசையவே இல்லை. ரேடியேட்டரின் கீழ்க் குழாய், ரப்பர் குழாய், நீளமாகக் கிழிந்திருந்தது. தண்ணீரெல்லாம் வழியிலேயே கொட்டிப் போயிருந்தது. மழையில் நனைந்து கிடக்கிற ரோட்டில் லாரிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுவதை எந்தக் கண் பார்க்கும்?

அப்பாதான் டிரைவர். அன்று வீட்டுக்கு வந்தவர் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சூட்டு முள்ளு எறங்கித்தான் இருந்துச்சு. மொதல்ல கொஞ்சம் ஏறுச்சு, நான் பாத்தேன். மலை உச்சிக்கு வர்றதுக்குள்ள எறங்கிருச்சு. மழைக்காத்துக்கு சூடு தணிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். எறங்குற முள்ளைப் பாத்து யாராவது வண்டிய நிறுத்துவானா?"

அம்மா சுடுதண்ணீர் வைத்துக்கொண்டே, "அதச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க," என்றாள்.

சொன்னார். மறுநாள் தொழிற்சாலையில் சொன்னார். தேயிலை அரைக்கிற இடத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எல்லார் முன்னாலும் சிரித்தாராம். "எஞ்சின் வெந்து கருகிக் கெடக்குது, முள்ளு குளிருன்னு காட்டுச்சாம். யாருக்குய்யா காது குத்துற? வண்டி ஓட்டுறப்ப தூங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்."

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு அப்போதே கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். என் அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இல்லை, பொய் பேசுகிற பழக்கமும் இல்லை. ஆனால் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதைவிட, அது நடக்கவே முடியாத காரியம் என்று எல்லாரும் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எஞ்சினியர் தொரை வந்து விசாரிப்பார் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் இயந்திரங்களையும் வண்டிகளையும் பார்க்கிற பறங்கிக்காரர் அவர். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கு வேதம். அப்பா மேல் தப்பு என்று அவர் சொல்லிவிட்டால் டிரைவர் வேலை போகும். வேலை போனால் டிரைவருக்கென்று கொடுத்திருந்த அந்த இரண்டு அறை வீடும் போகும். வேறு எங்காவது வண்டி ஓட்டலாமே என்பீர்கள். எங்கே ஓட்டுவது? பஸ்ஸெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயாகிவிட்டது. குடியுரிமை இல்லாதவனுக்கு அங்கே ஸ்டியரிங் கிடையாது. அப்பா பிறந்தது லிந்துலையில், அவருடைய அப்பாவும் அங்கேதான் செத்தார். ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களை ஒதுக்கிவிட்டார்கள், எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. தோட்டத்து லாரியை விட்டால் அப்பாவுக்கு வேறு லாரி இல்லை, அவ்வளவுதான்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் பிள்ளை நான் ஒருத்திதான். காலையில் அப்பா தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்போது முன் சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதை நடத்திய மாஸ்டர் இளவயதுக்காரர், எதற்கெடுத்தாலும் 'செய்து காட்டு' என்பார். வாயால் சொன்னால் அவருக்குப் போதாது. கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நான் நீராவியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை விருந்தாளியாக யாரை அழைத்திருந்தார்கள் தெரியுமா? அதே எஞ்சினியர் தொரையை. கழகத்துக்கு ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்தவர் என்பதற்காக. விசாரணை அதற்கு மறுநாள்.

கடவுளே கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மாஸ்டரிடம் போய், "நீராவி வேணாம் மாஸ்டர். லாரி டாஷ்போர்டுல இருக்குற சூட்டு முள்ளும் எண்ணெய் முள்ளும் எப்படித் தெரிஞ்சுக்குதுன்னு பேசுறேன்," என்றேன்.

லாரி விஷயம் ஹட்டன் முழுக்கத் தெரிந்திருந்தது. "அப்பாவுக்காகவா?" என்றார் மாஸ்டர். தலையாட்டினேன். "சரி. ஆனா உள்ளதை உள்ளபடி சொல்லணும். ஒரு பக்கம் மட்டும் சொன்னா அது விஞ்ஞானம் இல்ல," என்றார். உள்ளபடி சொன்னால்தானே அப்பாவுக்கு நல்லது, இதற்கு என்ன இவ்வளவு யோசனை என்று எனக்குத் தோன்றியது.

மாஸ்டரே கராஜ் ஒன்றுக்குப் போய், உடைத்துப்போட்ட லாரியிலிருந்து இரண்டு மீட்டர்களையும் வாலோடு கழற்றிக்கொண்டு வந்தார். வால் என்று நான்தான் பெயர் வைத்தேன். இரண்டு மீட்டருக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொரு செம்புக் குழாய் நீண்டிருந்தது. எண்ணெய் மீட்டரின் குழாய் சாதாரணமாகத் தெரிந்தது. சூட்டு மீட்டரின் குழாயோ மிக மெல்லியது, அதன் உள்துளை மயிரிழை அளவுதான். அதன் முனையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பித்தளைக் குப்பி.

எண்ணெய் மீட்டரின் பின்மூடியை மாஸ்டர் கழற்றிக் காட்டினார். உள்ளே கேள்விக்குறிபோல வளைந்த ஒரு தகட்டுக் குழாய். உருண்டைக் குழாய் இல்லை, அமுக்கிச் சப்பையாக்கிய குழாய். ஒரு முனை மூடியிருந்தது, மறுமுனைக்குள்தான் எஞ்சினிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. அழுத்தம் உள்ளே வந்ததும் சப்பையான குழாய் கொஞ்சம் உருண்டையாக மாறப் பார்க்கும். அப்படி மாறும்போது அதன் வளைவும் கொஞ்சம் நிமிரும். மூடிய முனை அசையும். அந்தத் துளி அசைவைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். அவ்வளவுதான் விஷயம். மின்சாரமும் இல்லை, மாயமும் இல்லை.

சூட்டு மீட்டருக்குள்ளும் அதே வளைந்த குழாய் இருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். "அப்ப ரெண்டும் ஒரே ஆள்தானா மாஸ்டர்?" என்றேன். ஒரே ஆள்தான். சூட்டை அந்த மீட்டர் நேராகப் பார்ப்பதே இல்லை. பித்தளைக் குப்பிக்குள் சீக்கிரம் ஆவியாகிற ஈதர் மாதிரித் திரவம் அடைத்திருக்கிறது. குப்பியை எஞ்சின் தலையில் தண்ணீருக்குள் முழுகும்படி திருகி வைப்பார்கள். தண்ணீர் சூடானால் குப்பிக்குள் ஆவி பெருகும், ஆவியின் அழுத்தம் மயிரிழைக் குழாய் வழியாக வந்து வளைந்த குழாயை நிமிர்த்தும். ஆக அதுவும் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. நாம் அதைச் சூடு என்று படிக்கிறோம்.

எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது. அந்தக் குப்பிக்கு எஞ்சினைத் தெரியாது. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரைத்தான் தெரியும். தண்ணீர் ஓடிவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கும். இரும்பு கொதித்தாலும் முள் இறங்கும். அப்பா சொன்னது அத்தனையும் நிஜம்! அன்று பள்ளிக்கூடத்திலிருந்து டிக்கோயா வரைக்கும் நனைந்துகொண்டே ஓடினேன். வீட்டில் அப்பாவிடம், "கூட்டத்துக்கு வாங்கப்பா, வந்து பாருங்க," என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையில் வைத்துத் திடீரென்று காட்டி, எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கூட்டத்தன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரோடு பிட்டர் மாமாவும் வந்திருந்தார். தொழிற்சாலையில் இயந்திரங்களையும் லாரியையும் பழுதுபார்க்கிற பிட்டர் அவர், அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எஞ்சினியர் தொரை முன்னால், நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

முதலில் எண்ணெய் மீட்டர். திருவிழாக் கடையில் விற்குமே, ஊதினால் நீண்டு விட்டால் சுருண்டுகொள்கிற காகித ஊதல், அதை ஊதிக் காட்டி, மீட்டருக்குள் இருப்பது இதனுடைய செம்பு அண்ணன் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சைக்கிள் பம்பை மீட்டரின் வாலில் மாட்டி அழுத்தினேன், முள் எழும்பியது. விட்டேன், விழுந்தது. "இந்த முள் எஞ்சினுக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சொல்லாது. எண்ணெய் தள்ளப்படுகிறதா, எந்த அழுத்தத்தில் தள்ளப்படுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய்ப் பம்ப் ஓடும். எஞ்சின் நின்றால் முள் பூஜ்யத்துக்கு வரும்," என்றேன்.

அடுத்தது சூட்டு மீட்டர். ஸ்பிரிட் அடுப்பில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குப்பியை முழுக்கினேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முள்ளைப் படிக்கச் சொன்னேன். "ஏறுது... நூத்தி அம்பது... நூத்தி எண்பது... இருநூறுக்கு மேல கொஞ்சம்... நின்னுருச்சு!" கொதிக்கிற தண்ணீர் பாரன்ஹீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டைக் காட்ட வேண்டுமே என்று ஒரு பையன் மடக்கப் பார்த்தான். எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும் என்று சொன்னேன். மாஸ்டர் ஓரத்தில் நின்று தலையாட்டினார்.

அப்புறம் துணியால் சட்டியைப் பிடித்து, தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, காலிச் சட்டியை மறுபடி அடுப்பில் வைத்தேன். குப்பி சட்டியின் வாயருகே கட்டியபடியே, எதையும் தொடாமல் தொங்கியது.

"இப்போது அடுப்பு எரிகிறது. சட்டி முன்னைவிடச் சூடாக இருக்கிறது. முள் என்ன சொல்கிறது?"

"எறங்குது," என்றாள் அந்தப் பெண். "அய்யோ, நல்லா எறங்குது! நூத்தி எழுவது... இன்னும் எறங்குது..."

சட்டியின் அடி கருகி நெடி அடித்தது. நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "இதத்தாங்க நான் சொன்னேன், இதேதாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எஞ்சினியர் தொரை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கைதட்டல் அடங்கியதும் தொரை எழுந்தார்.

"குட். மிச்சம் நல்லாப் பேசினது," என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். "தண்ணி போனா சூட்டு முள்ளு ஏமாத்தும். அது சரி. நான் ஒத்துக்கறது. இப்ப ஒரு கேள்வி. அந்த நேரம் எண்ணெய் முள்ளு எங்க நிக்கும்?"

"அதுக்குத் தண்ணியோட சம்பந்தம் இல்லீங்க தொரை. அது எண்ணெய மட்டும்தான் தொடும்."

"எஞ்சின் ரொம்ப சூடானா எண்ணெய் என்ன ஆகும்?"

"இளகிப் போகுங்க. தண்ணி மாதிரி ஆகி பேரிங் இடுக்கு வழியா லேசா வழிஞ்சிரும். அழுத்தம் கொறையும்."

"முள்ளு?"

"எறங்கும்."

"அது ஏமாத்துமா?"

அவர் எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் மாஸ்டர் அங்கேயே நிற்கிறார், மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், வேறு என்ன பதில் இருக்கிறது?

"ஏமாத்தாதுங்க."

"அப்ப அந்த லாரியில டிரைவர் எண்ணெய் முள்ளப் பாத்தா தெரிஞ்சிருக்கும். அந்த முள்ளு வேலை செஞ்சதா, இல்ல கெட்டுப் போய்க் கெடந்ததா? நீ தினமும் அந்த லாரியில வர்றதுன்னு மாஸ்டர் சொன்னது."

கேள்வியை அவர் மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குள் கோபம் பொங்கியது. என் அப்பா நல்ல டிரைவர், கெட்டுப்போன மீட்டரோடு வண்டியை ஓட்டுகிற ஆள் இல்லை. அதைவிட, அவர் ஏன் அந்த முள்ளைப் பார்த்துப் பயப்படவில்லை என்கிற காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இந்த மனிதனுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினேன். பாருங்கள், எவ்வளவு நம்பிக்கை!

"நல்லா வேலை செஞ்சுச்சுங்க தொரை. நானே தெனமும் பாத்திருக்கேன். உச்சியத் தாண்டினா பள்ளம் வரைக்கும் எறக்கம். அந்த எறக்கம் முழுக்க எஞ்சின நிறுத்திட்டுத்தான் வண்டிய உருட்டிக்கிட்டு வருவாங்க. எல்லாத் தோட்டத்து லாரியும் அப்படித்தான். எஞ்சின நிறுத்தினா முள்ளு பூஜ்யத்துல விழும், பள்ளத்துல மறுபடி ஓடினா எழும்பும். தெனமும் விழுற முள்ளப் பாத்து யாருக்குப் பயம் வரும்? பெட்ரோல் மிச்சம் புடிக்கிறாருன்னு பெரிய தொரையே அப்பாவ மெச்சியிருக்காரு. எண்ணெய் முள்ளப் பாக்காம இருக்கப் பழக்குனதே தோட்டந்தாங்க!"

மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. கடைசி பெஞ்சில் பிட்டர் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரை, "தேங்க் யூ," என்றார். முதல் பரிசை எனக்குத்தான் கொடுத்தார். கையைக் குலுக்கவும் செய்தார். அந்தக் கையைப் பிடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி நடக்கும்போது, டிக்கோயாப் பாலம் தாண்டியதும் பிட்டர் மாமாதான் வாயைத் திறந்தார்.

"அந்த முள்ளு பல மாசமாச் செத்துக் கெடக்குன்னு நான் தொரைகிட்ட ஏற்கனவே சொல்லியாச்சு, புள்ள. குழாய் வெடிச்சுச்சு, எண்ணெய் பீச்சியடிச்சுச்சு, நான்தான் அடச்சு வச்சேன், புதுக் குழாய் கொழும்புலருந்து வரலன்னு சொன்னேன். தொரை நம்பணுமேன்னு செம்புக் குழாயக்கூட நசுக்கி வச்சிட்டேன். ஒங்கப்பா மேல ஒரு சொல் வந்திருக்காது. சூட்டு முள்ளு ஏமாத்திருச்சு, எண்ணெய் முள்ளு செத்திருச்சு, டிரைவர் என்ன செய்வான்னு முடிஞ்சிருக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்? ஏம்ப்பா, நான் என்ன அந்நியமா?"

"படிக்கிற புள்ள, அதுக்கு எதுக்கு இந்தக் கள்ளமெல்லாம்னு விட்டுட்டேன்," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்திருப்பேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இன்றுவரை அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். பிள்ளைகளிடம் சொல்லாமல், பெண் பிள்ளைக்கு எதற்கு என்று மறைத்து மறைத்து வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் விசாரணை தொழிற்சாலை ஆபீசில் நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மாவோடு நின்றேன். மேசைமேல் நசுங்கிய செம்புக் குழாய் கிடந்தது. தொரை அதை எடுத்துப் பார்த்தார். நசுங்கிய இடம் புதுச் செம்பாகப் பளபளத்தது. பல மாதமாக நசுங்கிக் கிடந்த செம்பு எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் கருத்திருக்க வேண்டாமா? ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லாமல் போய்விட்டது.

"ஒன் மக சரியாச் சொன்னது," என்றார் அப்பாவிடம்.

"ஆமாங்க தொரை. அவ சரியாத்தாங்க சொல்லுவா," என்றார் அப்பா. பிறகு, "பிட்டர் மேல ஒண்ணும் இல்லீங்க. நான்தான் கெஞ்சி அப்படிச் சொல்லச் சொன்னேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். பிட்டர் மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு தொரை சூட்டு மீட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீர் ஒழுகியது, ரப்பர் குழாய் பழசு, மாற்றித் தரும்படி அப்பா பல முறை கேட்டது, ஒன்றும் எடுபடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் வண்டியை உருட்டியது குற்றம். அது கூடாது என்று கராஜ் சுவரில் இங்கிலீஷில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறதாம். அந்தப் பலகையை அப்பா தினமும் பார்த்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துச் சொன்னதில்லை. பெட்ரோல் மிச்சமானபோது பெரிய தொரை தட்டிக்கொடுத்ததற்கு எந்தச் சுவரிலும் பலகை இல்லை.

பழைய ஆள் என்று இரக்கப்பட்டு அப்பாவைத் தோட்டத்தை விட்டு விரட்டவில்லை. டிரைவர் வேலையைப் பிடுங்கிவிட்டு மலையில் கவ்வாத்து வெட்டப் பேர் போட்டார்கள். வயதான தேயிலைச் செடிகளை வளைந்த கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. குனிந்தே செய்ய வேண்டும், நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்குக் கத்தி பழகவே இல்லை. டிரைவர் வீட்டைக் காலி செய்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக்கு வந்தோம். ஒரு அறையில் குடும்பமே இருக்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் மலைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றார் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா. லாரியும் இல்லை, மலை வேலையோடு தினமும் ஹட்டனுக்கு நடந்து போய் வரவும் முடியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். மாஸ்டர் ஒரு முறை லயத்துக்கே வந்து அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மறுவாரமே நான் கூடையை மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டில் நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மற்றத் தோட்டத்து டிரைவர்களுக்கும் எச்சரிக்கை போனது. அவர்கள் அப்பாவைப் பார்த்தால் பேசாமல் போனார்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவதை மட்டும் எவனும் விடவில்லை. பெட்ரோல் அளந்துதானே கொடுக்கிறார்கள், வேறு என்ன செய்வான்?

இது நடந்து ரொம்ப நாளைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் காய்ப்பு. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, ஒண்ணு கேக்கணும்," என்றார். தலையை நிமிர்த்தவில்லை. "நீதான் அதப் பத்திப் படிச்சவ. உச்சியில வச்சு, சூட்டு முள்ளு எறங்கினப்ப, நான் நிறுத்திட்டு பானெட்டத் தொறந்து பாத்திருந்தா... எஞ்சின் பொழச்சிருக்குமா?"

பிழைத்திருக்கும். அதில் சந்தேகமே இல்லை. உச்சியில் நிறுத்தி, ஆற விட்டு, குழாயைத் துணியால் கட்டி, ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றியிருந்தால் லாரி தொழிற்சாலைவரை வந்திருக்கும். அவர் டிரைவராகவே இருந்திருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். இது எனக்கு அந்த மேடையில் நிற்கும்போதே தெரியும்.

"பொழச்சிருக்காதுப்பா," என்றேன். "அதுக்குள்ள உள்ள எல்லாம் போயிருக்கும்."

கத்தி கல்லின்மேல் நின்றது.

"நெசமாவா?"

"நெசந்தாம்ப்பா. நிறுத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.